கிட்டாரிலும் வயலினிலும் மணியோசை: தந்தியை எங்கே தொடுவது, எங்கே மீட்டுவது

கிட்டார் கற்கத் தொடங்கியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாளில் இதைப் பார்த்திருப்பார்கள். ஆசிரியர் 12-ஆம் ஃபிரெட்டுக்கு மேலே தந்தியில் விரலை வைப்பார், அழுத்த மாட்டார். வலது கையால் மீட்டிவிட்டு விரலை எடுத்துவிடுவார். கணீரென்று ஒரு நாதம் எழுந்து வெகுநேரம் நிற்கும். நாம் அதையே செய்தால் ‘டொக்’கென்று செத்த ஒலி வரும். என்ன தவறு என்று கேட்டால் “லேசாகத் தொடுங்கள்” என்பார்கள். எனக்கும் அந்த ஒரு வரிக்கு மேல் கிடைக்கவில்லை. பாதி வேலை மீட்டும் கையில் இருக்கிறது என்பதை நானாக அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அளவுகளும், தட்டுப்படும் இடங்களும் இங்கே.

ஹார்மோனிக்ஸ் என்று சொல்லப்படும் இந்த மணியோசைக்கு கிட்டாரில் ஐந்தாம் தந்தியையும் வயலினில் ஏ தந்தியையும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது 110 ஹெர்ட்ஸ், இரண்டாவது 440 ஹெர்ட்ஸ். கணக்குப் போட வசதியான எண்கள். மற்ற தந்திகளிலும் இடங்கள் மாறுவதில்லை.

1. தந்தியின் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள்

செலவு ஏறக்குறைய இல்லை. ஒரு அளவு நாடா, கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதி காட்டும் செயலி, இரண்டும் போதும். காசு செலவழிப்பதென்றால் தந்திக்குச் செலவழியுங்கள். மாதக்கணக்கில் மாற்றாத தந்தியில் அழுக்கு ஏறி, ஃபிரெட் பட்டுப் பள்ளம் விழுந்து, அதன் கனம் இடத்துக்கு இடம் வேறுபட்டுவிடும். அப்படிப்பட்ட தந்தியில் எவ்வளவு முயன்றாலும் மணியோசை மங்கலாகத்தான் வரும். சாதாரண கிட்டார் தந்தித் தொகுதி சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. புதுத் தந்தி ஓரிரு நாள் இழுபட்டு நிலைத்த பிறகு இதைத் தொடங்குவது நல்லது.

கிட்டாரில் தலைப்பக்கம் தந்தி உட்காரும் பள்ளக்கட்டையிலிருந்து (இதை நட் என்பார்கள்) 12-ஆம் ஃபிரெட் கம்பிவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் கணக்குக்கான நீளம். கிளாசிக்கல் கிட்டாரில் பெரும்பாலும் 650 மில்லிமீட்டர் வரும். முழு அளவு வயலினில் நட்டிலிருந்து, மறுமுனையில் தந்தியைத் தாங்கும் குதிரைவரை ஏறத்தாழ 328 மில்லிமீட்டர். உங்கள் கருவியின் நீளத்தை 2, 3, 4, 5 ஆகியவற்றால் வகுத்து ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். நட்டிலிருந்து அந்தத் தூரங்களில்தான் தொடப்போகிறோம்.

650 மி.மீ. கிட்டார்: 325, 217, 162.5, 130
328 மி.மீ. வயலின்: 164, 109, 82, 66

2. 12-ஆம் ஃபிரெட்டில் தொடங்குங்கள், ஆனால் முதலில் தொடாமல் மீட்டுங்கள்

ஐந்தாம் தந்தியை வெறுமனே மீட்டி ஒலிக்க விடுங்கள். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே 12-ஆம் ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே விரலால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். தடித்த ஒலி அடங்கும். அதற்குள்ளிருந்து ஒரு ஸ்தாயி மேலே மெல்லிய நாதம் ஒன்று மிஞ்சி நிற்கும். இரண்டாவது முறை நீங்கள் மீட்டவே இல்லை. ஆகவே அந்த நாதம் விரலால் பிறந்ததாக இருக்க முடியாது. தந்திக்குள் அது முன்பே ஒலித்துக்கொண்டிருந்தது. விரல் மற்றவற்றை அடக்கியதும் வெளியே கேட்டது.

நடப்பது இதுதான். இரு முனையும் கட்டிய தந்தி ஒரே நேரத்தில் பல விதமாக அதிர்கிறது. முழு நீளமாக ஆடும் ஆட்டம் ஒன்று. இரண்டு சம பங்காகப் பிரிந்து, ஒரு பாதி மேலே போகும்போது மறுபாதி கீழே போகும் ஆட்டம் இன்னொன்று. மூன்று பங்காக, நான்கு பங்காக என்று இது மேலே போய்க்கொண்டே இருக்கும். ஐந்தாம் தந்தியில் இவை முறையே 110, 220, 330, 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கின்றன. பங்குகள் சந்திக்கும் இடத்தில் தந்தி ஆடுவதில்லை. பள்ளி இயற்பியலில் இதைக் கணு என்று படித்திருப்போம்.

தந்தியின் நடுப்புள்ளி இரண்டு பங்கு ஆட்டத்துக்குக் கணு. நான்கு, ஆறு பங்கு ஆட்டங்களுக்கும் கணு. முழு நீள ஆட்டத்துக்கோ அதுதான் மிக அதிகமாக ஆடும் இடம். அங்கே விரல் பட்டதும் முழு ஆட்டம் நின்றுபோகிறது. மூன்று பங்கும் ஐந்து பங்கும் நின்றுபோகின்றன. தொட்ட இடத்தில் அசையாமல் இருப்பவை மட்டும் தப்பிக்கின்றன. 110, 220, 330, 440, 550 என்று நெருக்கமாக இருந்த வரிசை 220, 440, 660 என்று இடைவெளி விட்டு நிற்கிறது. அடியிலிருந்த கனம் போய்விட்டது, மேலே நெரிசலும் குறைந்துவிட்டது. நம் காது இதைத்தான் மணியோசை என்கிறது. உண்மையான மணியின் உள்ளொலிகள் இப்படி ஒழுங்கான மடங்குகளில் அமைவதில்லை என்பது வேறு கதை.

இப்போது வழக்கமான வரிசையில் செய்யுங்கள்: தொட்டு, மீட்டி, உடனே எடுத்துவிடுங்கள். மீட்டுவதற்கு முன்பே விரலை எடுத்தால் வெறும் தந்தியின் ஒலிதான் வரும். தாமதித்து எடுத்தால் ‘டொக்’ என்று அடங்கும். விரலுக்கு அகலம் இருக்கிறது. கணு ஒரு புள்ளி. அதன் இருபுறமும் தந்தி ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கேயே கிடக்கும் விரல் அந்த ஆட்டத்தையும் மெல்ல உறிஞ்சிவிடும். விரலை எடுத்தாலும் பழைய தடித்த ஒலி திரும்பி வராது, ஏனென்றால் அதன் ஆற்றல் ஏற்கெனவே போய்விட்டது.

இங்கே எல்லோரும் இடறும் ஒன்று: அழுத்தி வாசிக்கும்போது விரலை ஃபிரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால், இரு கம்பிகளுக்கு இடையில் வைத்துப் பழகியிருப்போம். கை தானாக அங்கேயே போகும். மணியோசைக்கு விரல் கம்பியின் நேர் மேலே இருக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து பார்த்தால், விரல் நுனியின் நடு கம்பியை மறைக்க வேண்டும்.

3. 7-ஆம், 5-ஆம் ஃபிரெட்டுகளுக்கு வாருங்கள்

650 மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு 217. 7-ஆம் ஃபிரெட் கம்பி நட்டிலிருந்து 216 மில்லிமீட்டரில் இருக்கிறது. நான்கில் ஒரு பங்கு 162.5, 5-ஆம் ஃபிரெட் கம்பி 163-இல். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரல் உணராது. ஆகவே இந்த இரண்டுக்கும் கம்பியையே நம்பலாம்.

7-இல் தொட்டால் மூன்று பங்கு ஆட்டம் தப்பிக்கும்: 330 ஹெர்ட்ஸ். 5-இல் தொட்டால் நான்கு பங்கு: 440 ஹெர்ட்ஸ். கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு இதை ஸ்வரமாகச் சொன்னால் உடனே பிடிபடும். வெறும் தந்தியை ஸட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7-ஐ அழுத்தினால் பஞ்சமம். லேசாகத் தொட்டாலும் பஞ்சமமே, ஒரு ஸ்தாயி மேலே. 5-ஐ அழுத்தினால் சுத்த மத்யமம். லேசாகத் தொட்டால் மத்யமம் வராது, இரண்டு ஸ்தாயி மேலே ஸட்ஜம் வரும். அழுத்தும்போது ஒலிப்பது விரலுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட முக்கால் நீளம். தொடும்போது முழுத் தந்தியும் நான்கு கால் பங்குகளாகப் பிரிந்து ஒலிக்கிறது. எந்த இடத்தில் எந்த ஸ்வரம் வரும் என்று மனப்பாடம் செய்வதைவிட, எத்தனை பங்கு என்று கேட்டுக்கொள்வது சுலபம்.

சரியாக வந்திருக்கிறதா என்று செயலியில் பாருங்கள். 5-இல் 440 காட்ட வேண்டும். பக்கத்தில் வயலின் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய வெறும் ஏ தந்தியும் இதுவும் ஒரே சுருதி.

4. மீட்டும் கையை நகர்த்துங்கள்

12-இல் சுலபமாக வந்துவிடுகிறது, 5-இல் மட்டும் சோனியாக வருகிறது என்று பலர் சொல்வார்கள். இடது விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். இடது விரலில் குறை இருக்காது.

கணுவில் தொட்டால் ஓர் ஆட்டம் தப்பிக்கும் என்றால், கணுவில் மீட்டினால் அந்த ஆட்டம் பிறக்கவே பிறக்காது. அசையாத இடத்தைப் பிடித்து இழுத்து அந்த ஆட்டத்தைக் கிளப்ப முடியாது. நான்கு பங்கு ஆட்டத்தின் கணுக்கள் நட்டிலிருந்து 162.5, 325, 487.5 மில்லிமீட்டரில் இருக்கின்றன. கடைசிக் கணு குதிரையிலிருந்து அளந்தால் அதே 162.5. கிளாசிக்கல் கிட்டாரில் ஒலித்துளையின் நடுப்பகுதி ஏறக்குறைய அங்கேதான் வருகிறது! புதிதாகக் கற்பவர்களின் வலது கை இயல்பாகப் போய் நிற்கும் இடமும் அதுதான். இடது விரல் 162.5-இல் சரியாகத் தொடுகிறது, வலது விரல் மறுமுனைக் கணுவில் மீட்டுகிறது. என்ன வரும்?

சோதித்துப் பாருங்கள். இடது விரலை 5-ஆம் ஃபிரெட்டில் வைத்துக்கொண்டு, குதிரையிலிருந்து 160 மில்லிமீட்டரில் மீட்டுங்கள். பிறகு வலது கையைக் குதிரையை நோக்கி நகர்த்தி, 80 மில்லிமீட்டரில், அதாவது கால் பங்கின் நடுவில், மீட்டுங்கள். முதலாவதில் ஒலி தேய்ந்திருக்கும், இரண்டாவதில் கணீரென்று வரும். ஒரு நிமிட வேலைதான், ஆனால் இதைச் செய்து பார்க்காதவர்கள் வெகுகாலம் விரலின் மென்மையையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

7-ஆம் ஃபிரெட்டுக்கும் இதே கணக்கு. மூன்று பங்கு ஆட்டத்தின் கணு குதிரையிலிருந்து 217 மில்லிமீட்டரில், 19-ஆம் ஃபிரெட் கம்பியருகே இருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்து மீட்டினால் ஒலி செத்துவிடும்; 110 வாக்கில் மீட்டினால் நன்றாக வரும். அதே 19-ஆம் கம்பிக்கு மேலே இடது கையால் தொட்டுப் பாருங்கள், 7-இல் வந்த அதே 330 வரும். கணுவுக்கு எந்த முனையிலிருந்து எண்ணுகிறோம் என்ற கவலை இல்லை.

மின்சார கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. மீட்டும் இடம் சரியாக இருந்தாலும் ஒலியை வாங்கும் இடம் கணுவாக இருக்கலாம். கழுத்துப் பக்கத்து பிக்கப் பல கிட்டார்களில் தந்தியின் கால் பங்குப் புள்ளிக்கு அருகே அமைந்திருக்கும். 5-ஆம் ஃபிரெட் மணியோசை அதில் அடங்கிக் கேட்கும். தேர்வுப் பொத்தானைக் குதிரைப் பக்கத்து பிக்கப்புக்கு மாற்றுங்கள்.

5. 4-ஆம் ஃபிரெட்டில் கம்பியை நம்பாதீர்கள்

ஐந்து பங்கு ஆட்டத்துக்கு நட்டிலிருந்து 130 மில்லிமீட்டரில் தொட வேண்டும். 4-ஆம் ஃபிரெட் கம்பியோ 134-இல் இருக்கிறது. நான்கு மில்லிமீட்டர் பிசகு. 12-இல் இவ்வளவு பிசகினாலும் ஏதோ ஒன்று ஒலிக்கும். பங்குகள் சிறியவையாக ஆக, விரலுக்குக் கிடைக்கும் இடமும் சுருங்குகிறது. இங்கே கம்பிக்கு மேல் தொட்டால் பெரும்பாலும் ‘டொக்’தான். கம்பியிலிருந்து நட்டை நோக்கி ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை என்று நகர்த்திக்கொண்டே விட்டுவிட்டு மீட்டுங்கள். ஓர் இடத்தில் சட்டென்று திறக்கும். விரலின் சதைப்பகுதியைப் படுக்கவைக்காமல் நுனியால் தொடுங்கள், மீட்டுவது குதிரையிலிருந்து 65 மில்லிமீட்டரில் இருக்கட்டும்.

வருவது இரண்டு ஸ்தாயி மேலே அந்தர காந்தாரம், 550 ஹெர்ட்ஸ். செயலி இதைக் குறைவு என்று காட்டும். கிட்டாரின் ஃபிரெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்து வைத்தவை. அந்தக் கணக்கில் இந்த ஸ்வரம் 554.4 ஹெர்ட்ஸ். தந்தி தன் இயல்பில் தருவது 110-இன் ஐந்து மடங்கு. தந்தி சரியில்லை என்று முடிவுகட்டிச் சாவியைத் திருகிவிட வேண்டாம். கர்நாடக சங்கீதக் காதுக்கு இந்தக் காந்தாரம் சுகமாகவே இருக்கும்.

9-ஆம் ஃபிரெட்டிலும் இதே 550 கிடைக்கும், ஏனென்றால் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 260 மில்லிமீட்டர், அங்கே வருகிறது. கம்பி 263.5-இல் இருப்பதால் இங்கும் நட்டின் பக்கம் நகர வேண்டும். எனக்கு 4-ஐவிட இது சுலபமாக வருகிறது.

6. சுருதி சேர்க்கும்போது எதை நம்புவது

கனமான ஆறாம் தந்தியை 5-ஆம் ஃபிரெட்டிலும், ஐந்தாம் தந்தியை 7-ஆம் ஃபிரெட்டிலும் தொட்டு அடுத்தடுத்து ஒலிக்க விட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒரே சுருதி. சிறிது விலகியிருந்தால் ‘வாங், வாங்’ என்று ஓர் அலை கேட்கும். சாவியைத் திருகத் திருக அலை மெதுவாகும். ஐந்து–நான்கு, நான்கு–மூன்று தந்திகளுக்கும் இதே முறை. இரண்டு கைகளும் விடுபட்டிருக்கும்போதே தந்திகள் ஒலித்துக்கொண்டிருப்பதால், கேட்டுக்கொண்டே திருகலாம் என்பது இதன் வசதி.

அலை முற்றிலும் நிற்கும்வரை திருகாதீர்கள். ஃபிரெட்டுகளின் சம பாகக் கணக்குப்படி ஆறாம் தந்தியின் நாற்பங்கு 329.6, ஐந்தாம் தந்தியின் முப்பங்கு 330. மூன்று விநாடிக்கு ஒரு தடவை என்ற மந்தமான அலை மிஞ்சியிருந்தால்தான் கிட்டார் சரியாகச் சேர்ந்திருக்கிறது.

மூன்றாம், இரண்டாம் தந்திகளுக்கு இடையே இந்த முறை செல்லாது. 4-ஆம் ஃபிரெட்டைக் கொண்டு அதையும் சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். மூன்றாம் தந்தியின் ஐந்து பங்கு 980 ஹெர்ட்ஸ். சரியாகச் சேர்ந்த இரண்டாம் தந்தியின் நான்கு பங்கு 987.8. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டாம் தந்தி 247-க்குப் பதிலாக 245-இல் போய் நிற்கும், கார்டு வாசிக்கும்போதெல்லாம் புளிக்கும். அதற்குப் பதிலாக ஆறாம் தந்தியை 7-இல் தொட்டு, அந்த ஒலிக்கு இரண்டாம் தந்தியை வெறுமனே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாம் தந்தியை 5-இல் தொட்டால் வருவது வெறும் முதல் தந்தி.

7. வயலினில் விரலை எடுக்காதீர்கள்

கிட்டாரில் பழகியதை வயலினுக்குக் கொண்டுபோகும்போது ஒரு பழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். கிட்டாரில் மீட்டியதும் விரலை எடுத்தோம். வயலினில் வில் போய்க்கொண்டிருக்கும்வரை தந்திக்குப் புதிது புதிதாக ஆற்றல் வந்துகொண்டிருக்கிறது. விரலை எடுத்தால் முழு நீள ஆட்டம் மறுபடியும் வளர்ந்து வெறும் தந்தியின் ஒலிக்கு விழுந்துவிடும். வில் நிற்கும்வரை விரல் தொட்டபடியே இருக்கட்டும்.

ஃபிரெட் இல்லாவிட்டாலும் இடம் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஏ தந்தியில் முதல் நிலையில் மூன்றாம் விரல் விழும் இடம் நட்டிலிருந்து 82 மில்லிமீட்டர், அதாவது கால் பங்கு. அழுத்தினால் வரும் சுரத்தை மறந்துவிடுங்கள். தொட்டால் வெறும் தந்திக்கு இரண்டு ஸ்தாயி மேலே 1760 ஹெர்ட்ஸ் வரும். நான்காம் விரல் விழும் 109 மூன்றில் ஒரு பங்கு, அங்கே 1320. ஸட்ஜ-பஞ்சமமாகச் சேர்த்து வாசிப்பவர்களுக்கும் இடங்கள் இவையே: சுத்த மத்யம இடத்தில் மேல் ஸட்ஜம், பஞ்சம இடத்தில் பஞ்சமம்.

முதல் கண்ணி, மற்ற விரல்கள். மூன்றாம் விரலை வைக்கும்போது ஒன்றையும் இரண்டையும் தந்தியிலேயே அழுத்தி வைத்திருக்கும்படி தொடக்கத்தில் பழக்குவார்கள். இங்கே அது கூடாது. முதல் விரல் அழுத்திக்கொண்டிருந்தால் தந்தி அங்கிருந்துதான் தொடங்குகிறது. 328 என்று போட்ட கணக்கு எல்லாம் மாறிவிடும். தொடும் விரலைத் தவிர மற்றவை தந்தியை விட்டு எழுந்திருக்க வேண்டும். ஒரு விரலால் அழுத்தி இன்னொன்றால் தொடும் முறை தனியாக உண்டு, ஆனால் அது அடுத்த கட்டம்.

இரண்டாவது, வில்லின் இடம். 82-இல் தொடும்போது ஒலிப்பது 82 மில்லிமீட்டர் பங்குகள். வழக்கமான இடத்தில் வில்லைப் போட்டால், அந்தச் சிறிய பங்கைப் பொறுத்தவரை நீங்கள் குதிரையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டீர்கள். வில்லைக் குதிரைப் பக்கம் கொண்டுபோய், பாரத்தைக் குறைத்து, வழக்கத்தைவிடச் சற்று வேகமாக, நிற்காமல் இழுங்கள். பாரம் கூடினால் கரகரவென்று கிழிந்து வெறும் தந்திக்கு விழும். பாரம் போதாவிட்டால் விசில்போல வேறெங்கோ மேலே தாவும். இரண்டுக்கும் நடுவில் ஒலி சட்டென்று உட்காரும் இடம் ஒன்று இருக்கிறது. ரோசின் குறைவாக இருந்தால் அந்த இடமே கிடைக்காது.

முதலில் தந்தியின் நடுவில், 164 மில்லிமீட்டரில் பழகுங்கள். இடம் தவறினாலும் விரலை இருபுறமும் மெல்ல நகர்த்தும்போது ஒலி திறப்பது அங்கேதான் தெளிவாகக் கேட்கும். அது நீளமான வில்லுக்கு உடையாமல் நின்ற பிறகு 109-க்கும், அதன் பிறகு 82-க்கும் வாருங்கள். இ தந்தியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய எஃகுத் தந்தி என்பதால் அது சாதாரணமாக வாசிக்கும்போதே விசிலடிக்கக் கூடியது.